எண்ணின் இடமும் ஆண்டின் பெயரும்: நிதியறிக்கை மொழிபெயர்ப்பில் லட்சம், கோடி, தேதி

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான பன்னிரண்டு மாத வருவாயை இன்ஃபோசிஸ் நிறுவனம் இரண்டு எண்களாகச் சொல்லியிருக்கிறது. இந்தியப் பங்குதாரர்களுக்கான ஆண்டறிக்கையில் அது 1,53,670 கோடி ரூபாய். நியூயார்க் பங்குச் சந்தையிலும் வணிகமாகும் நிறுவனம் என்பதால் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக வெளியிடும் கணக்கில் அது 18,562 மில்லியன் டாலர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில் எண்ணின் அலகு மாறியிருக்கிறது, கால்புள்ளி விழும் இடம் மாறியிருக்கிறது, நாணயமும் மாறியிருக்கிறது. மூன்றையும் செய்தவர்கள் அந்த நிறுவனத்தின் கணக்கர்கள்.

தமிழில் ஆண்டறிக்கை எழுதும் நூற்பாலைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ அந்த வசதி கிடையாது. வெளிநாட்டிலிருந்து கொள்முதல் செய்பவரோ நன்கொடை தருபவரோ கணக்கைக் கேட்டதும் அறிக்கை நேராக மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வந்துவிடுகிறது. கோடி என்றால் பத்து மில்லியன், லட்சம் என்றால் நூறாயிரம் என்று அகராதி சொல்கிறது. அதைப் பெருக்கிப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பெருக்கல் தவறுவதால் வரும் பிழைகள் உண்டு. ஆனால் அவற்றைவிட ஆழமான பிழைகள், எதைப் பெருக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரியாததால் வருகின்றன. ஒரு நிதியறிக்கையில் எந்த எண்ணை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு, எது அவர் கைவைக்கக் கூடாதது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அலகை மாற்றுவது மொழிபெயர்ப்புக்குள் அடங்கும், நாணயத்தை மாற்றுவது அடங்காது, ஆண்டின் பெயரை மாற்றாமல் விரித்து எழுத வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைக் கீழே பார்க்கலாம்.

வழக்கில் உள்ள இரண்டு போக்குகள்

இந்திய நிதியறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்களிடம் இரண்டு பழக்கங்களைக் காணலாம். முதலாவது, லட்சத்தையும் கோடியையும் அப்படியே ஒலிபெயர்த்து வைத்துவிட்டு முதல் பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு போடுவது. மூல எண் மாறாததால் பிழைக்கு இடமில்லை என்பது அதன் வாதம். இரண்டாவது, எல்லாவற்றையும் மில்லியனுக்கும் பில்லியனுக்கும் மாற்றிவிடுவது. வாசகர் தலைக்குள் கணக்குப் போட வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்பது அதன் வாதம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அறிக்கையை ஒரே தன்மையுடைய ஒரு பொருளாகக் கருதுகின்றன. ஆண்டறிக்கைக்குள் இரண்டு வகைப் பேச்சு இருக்கிறது. தலைவர் உரையும் இயக்குநர் அறிக்கையும் ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் செய்தி. இருப்புநிலைக் குறிப்பும் இலாப நட்டக் கணக்கும் தணிக்கையாளர் கையெழுத்திட்ட ஆவணங்கள். முதலாவதில் 'நமது விற்பனை நாற்பத்தாறு கோடியைத் தாண்டியது' என்றிருந்தால் அதை 46 கோடி என்று விட்டுவைப்பது வெளிநாட்டு வாசகரை வாசலிலேயே நிறுத்துவதாகும்; 460 மில்லியன் ரூபாயைத் தாண்டியது என்று சொல்லத்தான் வேண்டும். இரண்டாவதில் தணிக்கையாளர் பார்த்து ஒப்பமிட்ட இலக்கங்களை மாற்றினால், அவர் பார்க்காத ஒரு பக்கத்தின் கீழ் அவர் பெயர் நிற்கும்.

சட்டமும் இதில் ஒரு சுவடு காட்டுகிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, எண்களை எந்த அலகுக்கு முழுமையாக்கலாம் என்று வகுத்திருக்கிறது. மொத்த வருமானம் நூறு கோடி ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் நூறு, ஆயிரம், லட்சம், மில்லியன் ஆகியவற்றுள் ஒன்று. நூறு கோடியோ அதற்கு மேலோ இருந்தால் லட்சம், மில்லியன், கோடி ஆகியவற்றுள் ஒன்று. இவற்றின் தசமங்களும் ஏற்கப்படும். ஓர் அலகைத் தேர்ந்துவிட்டால் நிதியறிக்கை முழுவதும் அதையே பயன்படுத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. இந்தியச் சட்டமே மில்லியனை அனுமதிக்கிறது என்பது கவனத்துக்குரியது. விப்ரோ தன் கணக்கை மில்லியன் ரூபாயில் எழுதுகிறது. இன்ஃபோசிஸ் கோடியில் எழுதுகிறது. ஆகவே லட்சம், கோடி என்பது இந்தியக் கணக்கின் இயல்பு, மில்லியன் வெளியாரின் சொல் என்ற பிரிவினை முழுவதும் சரியில்லை. தமிழுக்குள்ளேயே இந்தப் பிரிவு இருக்கிறது. தமிழக நாளிதழ் கோடி என்று எழுதும் இடத்தில் இலங்கைத் தமிழ் நாளிதழ் மில்லியன், பில்லியன் என்று இயல்பாக எழுதுகிறது. அலகு என்பது எழுதுபவர் செய்யும் தேர்வு. தேர்வை மாற்றும் உரிமை எழுதியவருக்கே உண்டு என்பதால், தணிக்கைக்குள்ளான அட்டவணைகளின் அலகை மாற்றும் முன் நிறுவனத்தின் ஒப்புதலைக் கேட்டுப் பெற வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் அட்டவணையின் தலைப்பில் மட்டும் '1 லட்சம் = 100,000' என்று ஒரு வரி சேர்த்து, இலக்கங்களை விட்டுவிடுவதே முறை.

ஒரு நூற்பாலையின் கணக்கு

ஒப்புதல் கிடைத்த ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் ஆலையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் அளவில் கொங்குப் பகுதியின் சிறு நூற்பாலை ஒன்றை ஒத்தவை.

அட்டவணையின் தலைப்பில் '₹ லட்சத்தில்' என்றிருக்கிறது. நூல் விற்பனை 4,312.57. கழிவுப் பஞ்சு விற்பனை 286.57. இதர வருமானம் 30.56. மொத்தம் 4,629.70. தலைவர் உரையில் இதே தொகை 'நாற்பத்தாறு கோடியே இருபத்தொன்பது லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்' என்று எழுத்தால் வருகிறது.

முதலில் நடக்கும் பிழை தலைப்பில்தான். லட்சத்தில் என்பதை மில்லியனில் என்று மாற்றிவிட்டு இலக்கங்களைத் தொடாமல் விட்டால் ஆலையின் நூல் விற்பனை 4,312.57 மில்லியன் ஆகிவிடும். உண்மையைப் போலப் பத்து மடங்கு. இன்னொரு வகைப் பிழை, கோடியிலிருந்து மில்லியனுக்குப் போகப் பத்தால் பெருக்க வேண்டும் என்று மனத்தில் பதிந்திருப்பவருக்கு நேர்வது. லட்சத்தையும் அவர் பத்தால் பெருக்கி 43,125.7 என்று எழுதுவார். அது நூறு மடங்கு. லட்சத்திலிருந்து மில்லியனுக்குப் போகப் பத்தால் வகுக்க வேண்டும். இரண்டு அலகுகளும் மில்லியனின் இரு பக்கங்களிலும் நிற்கின்றன என்பதே இந்தக் குழப்பத்தின் வேர். கோடியிலும் லட்சத்திலும் எண்கள் கலந்து வரும் அறிக்கையில், ஒரு நாள் வேலைக்குப் பிறகு களைத்த கண், திசையை மறந்துவிடுகிறது.

சரியாக வகுத்தால் 431.257, 28.657, 3.056, மொத்தம் 462.970 மில்லியன். பல பதிப்பகங்களும் நிறுவனங்களும் மில்லியனுக்கு ஒரு தசம இடம் போதும் என்று நடைவிதி வைத்திருக்கின்றன. அதன்படி முழுமையாக்கினால் 431.3, 28.7, 3.1 என்று வரும். கூட்டிப் பாருங்கள்: 463.1. ஆனால் மொத்தத்தைத் தனியே முழுமையாக்கினால் 463.0. மூலத்தில் சரியாகக் கூடிய அட்டவணை மொழிபெயர்ப்பில் கூடவில்லை. வெளிநாட்டு வாசகர் முதலில் செய்யும் சோதனை கூட்டிப் பார்ப்பதுதான். அதில் தவறினால் ஆலையின் கணக்கர் மீது ஐயம் விழும், மொழிபெயர்ப்பாளர் மீது அல்ல.

இதற்கு எளிய வழி, மூலத்தின் நுண்மையைப் பார்த்து அலகைத் தேர்வது. லட்சத்தில் இரண்டு தசம இடங்கள் என்றால் கடைசி இலக்கத்தின் மதிப்பு ஆயிரம் ரூபாய். ஆகவே ஆயிரத்தை அலகாக வைத்தால் தசமமே வேண்டாம். 431,257, 28,657, 3,056, மொத்தம் 462,970 ஆயிரம் ரூபாய். எதுவும் முழுமையாக்கப்படவில்லை, எதுவும் இழக்கப்படவில்லை, அட்டவணை கூடுகிறது. 'ஆயிரத்தில்' என்ற தலைப்பு உலகெங்கும் கணக்கு வாசிப்பவர்களுக்குப் பழக்கமானது. கோடியில் இரண்டு தசம இடங்களுடன் இருக்கும் அட்டவணைக்கு இதே தர்க்கம் வேறு விடை தருகிறது. அங்கே கடைசி இலக்கம் ஒரு லட்சம் ரூபாய், அதாவது 0.1 மில்லியன். மில்லியனில் ஒரு தசம இடம் போதும், அதுவும் துல்லியமாக. லட்சத்தை ஆயிரத்துக்கும் கோடியை மில்லியனுக்கும் கொண்டுபோனால் புள்ளி மட்டும் நகரும். இலக்கங்கள் அப்படியே இருக்கும்.

ஒரே காரணியால் அட்டவணை முழுவதையும் பெருக்குவதில் இன்னொரு பொறி இருக்கிறது. நமது ஆலையின் நிகர இலாபம் 230.00 லட்சம் என்றும் பங்குகளின் எண்ணிக்கை 12,50,000 என்றும் கொள்வோம். பங்கு ஒன்றுக்கான ஈட்டம் 18.40 ரூபாய். இந்த வரி அதே அட்டவணையின் கடைசியில், அதே '₹ லட்சத்தில்' என்ற தலைப்பின் கீழேதான் இருக்கும். ஆனால் அது லட்சத்தில் இல்லை. கவனமாக எழுதும் நிறுவனங்கள் 'பங்கு விவரங்கள் நீங்கலாக' என்று தலைப்பிலேயே குறிப்பிடும். எழுதாத அறிக்கைகளும் பல உண்டு. எக்செல் தாளில் நெடுவரிசை முழுவதையும் நூறால் பெருக்கியவர் ஈட்டத்தை 1,840 ஆக்கிவிடுவார். விழுக்காடுகள், விகிதங்கள், ஆலையின் கதிர்களின் எண்ணிக்கை, விற்ற நூலின் எடை ஆகியவையும் இப்படித் தப்ப வேண்டிய வரிகள்.

பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? அறிக்கைக்குள்ளேயே சாட்சிகள் இருக்கின்றன. மாற்றி முடித்த பிறகு இலாபத்தைப் பங்குகளால் வகுத்துப் பார்க்க வேண்டும்: 23,000 ஆயிரம் ரூபாயை 1,250,000 பங்குகளால் வகுத்தால் 18.40 வர வேண்டும். அதைவிட வலுவான சோதனை, பணத்தைப் பொருளோடு சேர்த்துப் பார்ப்பது. ஆலை 15,20,000 கிலோ நூல் விற்றதாக இயக்குநர் அறிக்கை சொன்னால், கிலோவுக்குக் கிடைத்த விலை ஏறத்தாழ 284 ரூபாய். பருத்தி நூலுக்கு நம்பத்தக்க விலை. தலைப்பை மட்டும் மாற்றியவரின் கணக்கில் இது 2,837 ரூபாய் ஆகும். நூல் வணிகத்தில் இருக்கும் எவரும் அங்கேயே நின்றுவிடுவார். கூட்டல் சோதனை இந்தப் பிழையைப் பிடிக்காது, ஏனென்றால் எல்லா வரிகளும் ஒரே அளவில் தவறினால் கூட்டல் சரியாகவே வரும். நான் முன்பு மொழிபெயர்த்த ஓர் அறிக்கையில் அப்படித்தான் ஒரு பத்து மடங்குப் பிழை இரண்டு திருத்தப்படிகளைத் தாண்டிப் போயிற்று. நானும் திருத்தியவரும் கூட்டிப் பார்த்தோம். ஒருவரும் வகுத்துப் பார்க்கவில்லை.

கால்புள்ளி பற்றி ஒன்று. நமது முறையும் மேலைமுறையும் 99,999 வரை ஒன்றே. லட்சத்தில் இருந்துதான் பிரிகின்றன: 1,53,670 என்பது அவர்களுக்கு 153,670. லட்சத்தில் எழுதிய சிறு நிறுவனத்தின் அட்டவணையில் வேற்றுமையே தெரியாது. பங்கு எண்ணிக்கையிலும் அடிக்குறிப்புகளில் முழு ரூபாயில் வரும் தொகையிலும் திடீரென்று தலைகாட்டும். மாற்றிய அட்டவணைக்குள் ஒரே ஓர் இந்தியக் கால்புள்ளி மிஞ்சியிருந்தாலும் வாசகர் ஓர் இலக்கம் விடுபட்டதாக நினைப்பார்.

பில்லியன் என்ற சொல்லைப் பற்றி

பெரிய தொகைகளில் ஒரு வசதியான பொருத்தம் இருக்கிறது. லட்சம் கோடி என்பதும் ஆங்கிலத்தின் டிரில்லியனும் ஒரே எண். 2024 ஜூலையில் தாக்கலான ஒன்றிய நிதிநிலை அறிக்கையின் மொத்தச் செலவு 48.21 லட்சம் கோடி ரூபாய், ஆங்கிலத்தில் 48.21 டிரில்லியன். எண்ணைத் தொடாமல் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் 'சர்வதேச வாசகர்' என்பவர் ஆங்கில வாசகர் மட்டும் அல்லர். ஜெர்மன் மொழியில் பில்லியன் என்ற சொல் நமது லட்சம் கோடியைக் குறிக்கும். நூறு கோடிக்கு அவர்கள் சொல் மில்லியார்ட. பிரெஞ்சிலும் இதே நிலை. பிரிட்டன்கூட 1974-இல்தான் தன் அரசுக் கணக்குகளில் பில்லியனை அமெரிக்கப் பொருளில் பயன்படுத்துவதாக அறிவித்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை ஜெர்மன் தாய்மொழியாளர் வாசிக்கப் போகிறார் என்று தெரிந்தால், நூறு கோடியைப் பில்லியன் என்று எழுதாமல் 1,000 மில்லியன் என்று எழுதுவது பாதுகாப்பு. மில்லியனில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நாணயம்: மொழிபெயர்ப்பின் எல்லை

'டாலரிலும் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்பவர்கள் அதை ஒரு சிறிய உபகாரமாகவே கேட்கிறார்கள். இன்ஃபோசிஸின் இரண்டு எண்களுக்குத் திரும்பினால் அதன் எடை புரியும். 1,53,670 கோடி என்பது 1,536,700 மில்லியன் ரூபாய். அதை 18,562 மில்லியன் டாலரால் வகுத்தால் டாலருக்கு 82.79 ரூபாய் வருகிறது. 2024 மார்ச் இறுதியில் டாலரின் மதிப்பு ஏறத்தாழ 83.4 ரூபாய். மொழிபெயர்ப்பாளர் ஆண்டிறுதி மதிப்பைத் தேடிப் பிடித்து வகுத்திருந்தால் 18,426 மில்லியன் டாலர் என்று எழுதியிருப்பார். நிறுவனத்தின் எண்ணைவிட ஏறத்தாழ 136 மில்லியன் டாலர் குறைவு. அவர் கணக்கில் பெருக்கல் பிழை இல்லை. அந்நியச் செலாவணி பற்றிய கணக்கியல் தரத்தின்படி வருவாயும் செலவும் நடந்த காலத்தின் மதிப்பில், அல்லது அதற்கு நெருக்கமான சராசரியில் மாற வேண்டும். சொத்தும் கடனும்தான் ஆண்டிறுதி மதிப்பில் மாற வேண்டும். எந்த வரிக்கு எந்த மதிப்பு என்று முடிவு செய்வது கணக்கரின் வேலை. மொழிபெயர்ப்பாளர் அதைச் செய்தால் மூலத்தில் இல்லாத ஒரு கணக்கை உருவாக்குகிறார்.

நிறுவனங்களிடம் இதற்கு ஒரு நடுவழி உண்டு. விப்ரோ போன்றவை ரூபாய்க் கணக்கை முழுமையாக வைத்து, வாசகரின் வசதிக்காக மட்டும் ஒரு டாலர் நெடுவரிசையைச் சேர்க்கின்றன. எந்த நாளின் மதிப்பு, யார் வெளியிட்டது என்று அடியில் எழுதுகின்றன. வாடிக்கையாளர் வற்புறுத்தினால் மொழிபெயர்ப்பாளரும் தலைவர் உரையின் ஓரிரு தொகைகளுக்கு இப்படிச் செய்யலாம்: நாளும் மதிப்பும் அடியில் வர வேண்டும், தொகை மூலத்தின் அளவுக்கே தோராயமாக இருக்க வேண்டும். 'சுமார் இரண்டு கோடி' என்ற பேச்சு 239,808 டாலர் ஆகிவிட்டால், பேசியவர் சொல்லாத ஒரு துல்லியத்தை அவர் வாயில் வைத்ததாகும். சுமார் 240,000 டாலர் என்பதே அவர் சொன்னது.

எந்த ஆண்டு 2024?

எண்ணில் பத்து மடங்கு தவறினால் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். ஆண்டில் ஒன்று தவறினால் பல நேரம் ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை, ஏனென்றால் தவறான ஆண்டும் நம்பத்தக்கதாகவே இருக்கிறது.

இந்திய நிறுவனங்களின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிய வேண்டும் என்பது சட்டம். 2023 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டை அரசு 2023-24 என்கிறது. நிறுவனங்கள் முடியும் ஆண்டை வைத்து எஃப்.ஒய். 24 என்கின்றன. பன்னாட்டு நிதியமோ தன் உலகப் பொருளாதார அறிக்கையின் அட்டவணையில் அதே பன்னிரண்டு மாதங்களை 2023 என்ற நெடுவரிசையின் கீழ் வைக்கிறது. ஜூன் 30-க்கு முன்பே முடிந்துவிடும் நிதியாண்டைத் தொடங்கிய ஆண்டின் பெயரில் காட்டுவது உலக வங்கியின் வழக்கமும்கூட. ஆக, ஆலையின் அறிக்கையில் 'எஃப்.ஒய். 24' என்றிருக்கும் வளர்ச்சியை ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் பன்னாட்டு நிதிய அட்டவணையின் 2024-ஆம் நெடுவரிசையோடு ஒப்பிட்டால், அவர் இரண்டு வேறு ஆண்டுகளை ஒப்பிடுகிறார்.

ஜப்பானும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டையே பின்பற்றுகிறது என்பதால் ஜப்பானிய வாசகருக்குக் குழப்பம் வராது என்று நினைக்கலாம். அங்கே ஆண்டைத் தொடக்கத்தால் பெயரிடுவது பொது வழக்கு. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டை சோனி தன் ஆங்கில அறிக்கைகளில் 2023-ஆம் நிதியாண்டு என்கிறது. டொயோட்டா 2024 என்கிறது. ஒரே நாட்டிலேயே இப்படி என்றால், சுருக்கப் பெயரை நம்பி எதுவும் எழுதக் கூடாது என்பது தெளிவு. நான் பின்பற்றும் வழி, ஒவ்வொரு அட்டவணைத் தலைப்பிலும் ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் குறிப்பிலும் '2024 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டு' என்று விரித்து எழுதுவது. முடிவு நாளைச் சொல்லிவிட்டால் பெயர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. 'முதல் காலாண்டு' என்பதையும் '2024 ஜூன் 30-இல் முடிந்த காலாண்டு' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் ஆண்டைத் தொடங்குபவர் அதை ஜனவரி–மார்ச் என்று வாசிப்பார்.

வரி வழக்குகளைப் பற்றிய குறிப்புகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அங்கே வருவது நிதியாண்டு அன்று, மதிப்பீட்டு ஆண்டு. 2017-18-இல் ஈட்டிய வருமானத்துக்கான மதிப்பீட்டு ஆண்டு 2018-19. அதை நிதியாண்டு என்று மொழிபெயர்த்தால் வழக்கு ஓர் ஆண்டு நகர்ந்துவிடும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் இந்த இரட்டைப் பெயரை விட்டு 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயருக்கு மாறுகிறது. ஆனால் பழைய வழக்குகள் பழைய பெயரிலேயே இன்னும் பல ஆண்டுகள் அறிக்கைகளில் தொடரும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

நாளும் மாதமும்

நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுவது நம் வழக்கம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகிறார். இது எல்லாரும் அறிந்ததுதான். அறிந்தும் ஏன் பிழை வருகிறது என்பதற்குக் காரணம், அறிக்கையில் அடிக்கடி கண்ணில் படும் தேதி 31.03.2024 என்பதே. முப்பத்தொன்றாம் மாதம் கிடையாது ஆகையால் அதை யாரும் தவறாக வாசிக்க முடியாது. அந்த நம்பிக்கையில் மற்ற தேதிகளும் அப்படியே போய்விடுகின்றன. ஆபத்து உள்ளவை, நாள் பன்னிரண்டுக்குள் அடங்கும் தேதிகள். ஓர் ஆண்டில் அப்படி 144 தேதிகள். நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ள பன்னிரண்டை விட்டால் 132. கடன் திருப்பிச் செலுத்த வேண்டிய நாள் 10/07/2024 என்றிருந்தால் நமக்கு அது ஜூலை 10; அமெரிக்கருக்கு அக்டோபர் 7. எண்பத்தொன்பது நாள் வேறுபாடு. ஆகவே மாதத்தை எழுத்தால் எழுத வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி தேவையில்லை. கணினிக்குள் போகும் அட்டவணை என்றால் `2024-07-10` என்ற ஐஎஸ்ஓ வடிவம்.

எக்செல் தாளாக அறிக்கை வந்தால் பிழை நம் கைக்கு வருமுன்பே நடந்திருக்கலாம். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் நமது தேதிகளை ஏற்றினால், 05/04/2024 சத்தமில்லாமல் மே 4 ஆகிவிடும். 13/04/2024 என்பதைத் தேதியாக ஏற்க முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் அதுதான் அடையாளம். உறுதிப்படுத்த ஒரு சூத்திரம் போதும்:

```
=ISTEXT(A2)
```

சில வரிகளுக்கு உண்மை என்றும் சிலவற்றுக்குப் பொய் என்றும் விடை வந்தால், பொய் என்று வந்த வரிகளில்தான் நாளும் மாதமும் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. எழுத்தாக மிஞ்சியவை சரியானவை. திருத்த முயல்வதைவிட மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

எண்ணால் எழுதாத தேதிகளும் உண்டு. ஜவுளிக் கடை ஒன்றின் அறிக்கை 'தீபாவளி விற்பனை இந்த ஆண்டு இரண்டாம் காலாண்டில் குறைந்தது' என்று சொல்லலாம். தமிழ் வாசகருக்குக் காரணம் சொல்லாமலே புரியும். 2022-இல் தீபாவளி அக்டோபர் 24. துணி வாங்கும் கூட்டம் செப்டம்பர் இறுதியிலேயே தொடங்கி, அதில் ஒரு பகுதி இரண்டாம் காலாண்டுக்குள் விழும். 2023-இல் நவம்பர் 12. கூட்டம் முழுவதும் மூன்றாம் காலாண்டுக்குப் போய்விடும். விற்பனை குறையவில்லை, நகர்ந்திருக்கிறது. 'பண்டிகைக் காலம்' என்று பொதுவாக மொழிபெயர்த்தால் வெளிநாட்டு வாசகர் அதை வீழ்ச்சி என்றே வாசிப்பார். இரண்டு ஆண்டுகளின் தீபாவளி நாளையும் அடைப்புக்குள் கொடுத்தால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

பசலி

தமிழகத்தின் கோயில் கணக்குகளையும் வருவாய்த்துறை ஆவணங்களையும் மொழிபெயர்ப்பவர் சந்திக்கும் ஆண்டு வேறு. அது பசலி. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1433 என்பது 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை. கிராமங்களில் ஜமாபந்தி நடப்பது இந்தக் கணக்கில்தான். 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும் கோயில்களின் வரவுசெலவுத் திட்டத்தைப் பசலி ஆண்டுக்கே கேட்கிறது.

ஒரு கோயிலின் திருப்பணிக்கு வெளிநாட்டு மரபுப் பாதுகாப்பு நிதி ஒன்று உதவ முன்வந்து, கடந்த மூன்று ஆண்டுக் கணக்கைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பசலி 1433-ஐ '2023-24 நிதியாண்டு' என்று எழுதுவது மிகவும் எளிது; இரண்டும் 2023-24 என்றே சுருங்குகின்றன. ஆனால் பசலியின் முதல் ஒன்பது மாதங்கள் மட்டுமே அந்த நிதியாண்டுக்குள் வருகின்றன. கடைசி மூன்று மாதங்கள் 2024-25-இல் விழுகின்றன. சித்திரைத் திருவிழாவின் உண்டியல் வரவு அந்த மூன்று மாதங்களில் இருக்கிறது. அதே நிதி, அரசு தந்த மானியத்தை 2023-24 நிதியாண்டின் ஆவணத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தால், இரண்டு நெடுவரிசைகளும் ஒரே தலைப்பின் கீழ் வேறு வேறு மாதங்களைக் காட்டும்.

இங்கே கணக்கைச் சரிக்கட்டிக் கொடுக்க மொழிபெயர்ப்பாளருக்கு வழியில்லை. பசலி வரவை நான்கால் வகுத்து மூன்று பங்கை எடுத்துக்கொள்வதும் தவறு, ஏனென்றால் திருவிழா மாதமும் வெறும் மாதமும் ஒன்றல்ல. செய்யக்கூடியது, தலைப்பில் 'பசலி 1433 (2023 ஜூலை 1 முதல் 2024 ஜூன் 30 வரை)' என்று முழுமையாக எழுதுவதும், நிதியாண்டுக் கணக்கு கட்டாயம் வேண்டுமென்றால் கோயில் அலுவலகத்தின் மாதவாரி வரவுப் பதிவேட்டைக் கேட்டுப் பெற வேண்டும் என்று நிதியின் அலுவலருக்கு ஒரு குறிப்பு எழுதுவதும்தான். அந்தப் பதிவேட்டிலிருந்து ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான பன்னிரண்டு வரிகளைக் கூட்டித் தருவது கோயில் கணக்கரின் வேலை. அவர் கூட்டி ஒப்பமிட்ட பிறகு அந்தத் தாளை மொழிபெயர்க்கலாம்.